ஆண்டு இறுதியில் தனியாள் வணிகரின் முதல் கணக்கு: எடுப்பு, வட்டி, இலாபம்

கேள்வி: "சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 2024 ஏப்ரல் 1 அன்று என் முதல் 8 லட்சம். அக்டோபர் 1 அன்று வங்கி வைப்புத்தொகை முதிர்ந்ததில் 2 லட்சம் கடையில் போட்டேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சம்பளமாக 20,000 எடுத்து எடுப்புக் கணக்கில் எழுதுகிறேன். வரைவு இலாபம் 4,10,000 வந்தது. முதலுக்கு 8 சதவீத வட்டி போட்டதும் இலாபம் 3,38,000 ஆகிவிட்டது. இருப்புநிலைக் குறிப்பும் 72,000 இடிக்கிறது. வட்டி எழுதுவது அவசியமா? எடுப்பு, வட்டி, இலாபம் மூன்றையும் எந்த வரிசையில் எழுத வேண்டும்? வீட்டுக்காகக் கடையிலிருந்து 10,000 அடக்கத்தில் பெயிண்ட் எடுத்தேன், அதை எங்கும் எழுதவில்லை. என் ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 18,000 கடைக் கணக்கிலிருந்து போனது, அது காப்பீட்டுச் செலவில் இருக்கிறது."

இடிக்கும் தொகையே காரணத்தையும் காட்டிவிடுகிறது. நீங்கள் கணக்கிட்ட வட்டியும் 72,000, இருப்புநிலைக் குறிப்பில் குறைவதும் 72,000. அதாவது, வட்டியை இலாப நட்டக் கணக்கில் பற்று எழுதிவிட்டு, அதற்கு இணையாக முதல் கணக்கில் வரவு வைக்காமல் விட்டிருக்கிறீர்கள். இருப்பாய்வு எடுத்து முடித்த பிறகு சரிக்கட்டுதலாக வரும் எந்தப் பதிவும் இரண்டு இடங்களில் விழ வேண்டும். முதல் மீதான வட்டிக்கு அந்த இரண்டு இடங்கள், இலாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கமும் முதல் கணக்கின் வரவுப் பக்கமும் ஆகும். ஆண்டின் நடுவிலேயே குறிப்பேட்டில் வட்டியைப் பதிந்து, அது இருப்பாய்விலேயே ஒரு கணக்காக வந்திருந்தால், அப்போது மட்டும் அதை இலாப நட்டக் கணக்கில் மட்டும் எழுதினால் போதும். முதல் கணக்கில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

வட்டி எழுதியதால் இலாபம் குறைந்துவிட்டதே என்ற உங்கள் தயக்கத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தனியாள் வணிகத்தில் முதல் போட்டவரும் இலாபத்தை அடைபவரும் ஒருவரே. வட்டி என்ற பெயரில் இலாபத்திலிருந்து கழியும் தொகை அப்படியே அதே மனிதரின் முதல் கணக்குக்குத்தான் போய்ச் சேருகிறது. ஆகவே வட்டி எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஆண்டு இறுதியில் உங்கள் முதல் ஒரு ரூபாய்கூட மாறாது. மாறுவது ஒன்றுதான்: உங்களுக்குச் சேர வேண்டிய தொகை, போட்ட பணத்துக்கான ஈடு என்றும், உழைப்புக்கும் துணிவுக்குமான ஈடு என்றும் இரண்டாகப் பிரிந்து தெரியும். இது ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. வட்டியைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது, கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் பெயிண்டையும் பிரீமியத்தையும் பற்றித்தான். உங்கள் வரைவு இலாபம் தவறாக இருப்பதற்கு அவையே காரணம்.

முதலில் எடுப்பு எவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வணிகத்தின் பணமோ சரக்கோ உரிமையாளரின் சொந்தத் தேவைக்குப் போனால் அது எடுப்பு; அதற்கு அவர் என்ன பெயர் வைக்கிறார் என்பது பொருட்டல்ல. மாதம் 20,000 ரூபாயை நீங்கள் சம்பளம் என்று அழைத்தாலும், தனியாள் வணிகத்தில் உரிமையாளருக்குச் சம்பளச் செலவு என்று ஒன்று கிடையாது. அதை எடுப்புக் கணக்கில் எழுதியது சரி. ஆண்டுக்கு அது 2,40,000. ஆயுள் காப்பீட்டு பிரீமியம் உங்கள் உயிருக்கானது, கடைக்கானதல்ல. கடையின் தீக் காப்பீட்டுக்குக் கட்டிய தொகையோடு சேர்ந்து ஒரே காப்பீட்டுச் செலவுக் கணக்கில் அது உட்கார்ந்திருக்கிறது. கணக்கு எழுதுபவர் வங்கி அறிக்கையில் 'இன்சூரன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் கை பழகிய கணக்கில் எழுதிவிடுவார். மிகப் பரவலாக நடக்கும் பிழை இது. இதைத் திருத்த, எடுப்புக் கணக்கில் 18,000 பற்று, காப்பீட்டுச் செலவுக் கணக்கில் 18,000 வரவு என்று ஒரு பதிவு போதும். செலவு குறைவதால் இலாபம் 18,000 கூடும். உங்கள் சொந்த வருமான வரியைக் கடைக் கணக்கிலிருந்து முன்கூட்டிய வரியாகக் கட்டியிருந்தால், அதுவும் இதே வகையில் எடுப்பாக மாற வேண்டும்.

பெயிண்ட் இன்னும் கவனம் தேவைப்படும் விஷயம். டின்கள் கடையிலிருந்து வீட்டுக்குப் போனபோது விற்பனை எதுவும் நடக்கவில்லை. தன்னிடமே விற்று ஒருவர் இலாபம் ஈட்ட முடியாது. எனவே அதை விற்பனை விலையில் எழுதக் கூடாது, அடக்க விலையில்தான் எழுத வேண்டும். பதிவு: எடுப்புக் கணக்கு பற்று, கொள்முதல் கணக்கு வரவு, தொகை 10,000. கொள்முதல் குறைவதால் இலாபம் 10,000 கூடுகிறது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்து, அந்தப் பெயிண்டை வாங்கியபோது கட்டிய 18 சதவீத வரியை, அதாவது 1,800 ரூபாயை, உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருந்தால் வேலை அத்துடன் முடியாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு, சொந்த நுகர்வுக்குப் போன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவை மறுக்கிறது. எடுத்த வரவைத் திருப்பிவிட வேண்டும். அந்த 1,800 ரூபாயும் உங்கள் சொந்தச் செலவே என்பதால் எடுப்பில்தான் சேரும். ஆக, பெயிண்டுக்கான எடுப்பு 11,800. இந்த 1,800 ரூபாய் இலாபத்தைத் தொடாது; எடுப்பைக் கூட்டி, இருப்புநிலைக் குறிப்பில் நீங்கள் காட்டியிருக்கும் வரி வரவைக் குறைக்கும். திருப்புவதற்குத் தாமதமாகி, அந்த வரவை ஏற்கெனவே வரி கட்டப் பயன்படுத்தியும் இருந்தால், அதற்கு வட்டி சேரும் வாய்ப்பு உண்டு. எந்த மாதத்தில் சரக்கு எடுத்தீர்கள், எந்த மாதத்தில் வரவு எடுத்தீர்கள் என்ற தேதிகளுடன் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே உங்கள் கேள்வியிலிருந்து உறுதியாகத் தெரியாத ஒன்று இருக்கிறது. மார்ச் 31 அன்று இறுதிச் சரக்கிருப்பை நேரில் எண்ணி மதிப்பிட்டீர்களா, அல்லது சரக்குப் பதிவேட்டில் உள்ள மீதியை அப்படியே எடுத்துக்கொண்டீர்களா? எண்ணி மதிப்பிட்டிருந்தால், வீட்டுக்குப் போன டின்கள் அந்த எண்ணிக்கையில் வந்திருக்காது. கொள்முதலில் இருந்து, இருப்பில் இல்லாமல், விற்ற சரக்கின் அடக்கத்தில் அவை தவறாகச் சேர்ந்திருக்கும். மேலே சொன்ன 10,000 ரூபாய் இலாபத் திருத்தம் அந்த நிலைக்கே பொருந்தும். பதிவேட்டு மீதியை எடுத்திருந்தால், இல்லாத பெயிண்ட் இருப்பில் இருப்பதாகக் காட்டியிருப்பீர்கள். அப்போது இறுதிச் சரக்கிருப்பையும் 10,000 குறைக்க வேண்டும். கொள்முதலும் குறைந்து இருப்பும் குறைவதால் இலாபத்தில் மாற்றம் வராது, முதல்தான் குறையும். சிறிய கடைகளில் எண்ணி எழுதுவதே வழக்கம் என்பதால், நானும் அப்படியே கொண்டு மேலே செல்கிறேன்.

அந்தக் கணக்கின்படி, வரைவு இலாபம் 4,10,000, பிரீமியத்துக்காக 18,000, பெயிண்டுக்காக 10,000 சேர்ந்து, வட்டிக்கு முந்தைய சரியான இலாபம் 4,38,000. மொத்த எடுப்பு 2,40,000, 18,000, 11,800 ஆகியவை சேர்ந்து 2,69,800. இந்த இடத்தில் சற்று நின்று ஒன்றைப் பாருங்கள். திருத்தத்துக்கு முன் உங்கள் இறுதி முதல் எவ்வளவு வந்திருக்கும்? தொடக்க முதலும் புதிதாகப் போட்டதும் சேர்ந்து 10 லட்சம், அதனுடன் 4,10,000, கழிக்க 2,40,000, ஆக 11,70,000. திருத்திய பின் 10 லட்சத்துடன் 4,38,000 கூட்டி 2,69,800 கழித்தால் 11,68,200. வித்தியாசம் வெறும் 1,800, அதுவும் வரியால் வந்தது. சொந்தச் செலவைக் கடைச் செலவாக எழுதினால் இலாபமும் குறைகிறது, எடுப்பும் அதே அளவு குறைகிறது. முதல் கணக்கில் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. இருப்புநிலைக் குறிப்பு அழகாகச் சமமாகும். ஆனால் இலாபம் 28,000 குறைவாகக் காட்டப்பட்டிருக்கும். வருமான வரிக் கணக்கில் அதுவே குறைவான வருமானம் ஆகிவிடும். எடுப்பில் நடக்கும் பிழையை இருப்புநிலைக் குறிப்பு காட்டிக்கொடுக்காது என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கணக்கு சமமாகிவிட்டால் சரியாக இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுபவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதுதான். செலவுக் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இது கடைக்கா வீட்டுக்கா என்று கேட்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. காப்பீடு, வண்டிப் பெட்ரோல், தொலைபேசி, மின்கட்டணம், இதர செலவுகள் ஆகிய ஐந்தையும் முதலில் பாருங்கள்.

இனி வட்டி. வட்டியைத் தொடக்க முதலின் மீது கணக்கிட வேண்டும். இடையில் போட்ட பணத்துக்கு, அது கடையில் இருந்த காலத்துக்கு மட்டும். 8 லட்சத்துக்கு ஓராண்டுக்கு 8 சதவீதம் 64,000. அக்டோபர் 1 அன்று போட்ட 2 லட்சத்துக்கு மார்ச் 31 வரை ஆறு மாதம், எனவே 8,000. மொத்தம் 72,000, நீங்கள் கணக்கிட்டது சரியே. இறுதி முதலின் மீது வட்டி போடுவது தவறு, ஏனெனில் அந்தத் தொகையில் ஆண்டு முழுவதும் ஈட்டிய இலாபமும் கலந்திருக்கிறது. தொடக்க முதல் தெரியாமல் இறுதி முதல் மட்டும் கையில் இருந்தால், அதனுடன் எடுப்பைக் கூட்டி, இலாபத்தையும் இடையில் போட்ட முதலையும் கழித்துப் பின்னோக்கிப் போக வேண்டும். உங்கள் எண்களிலேயே சரிபார்க்கலாம்: 11,68,200 கூட்டல் 2,69,800 கழித்தல் 4,38,000 கழித்தல் 2,00,000, மீண்டும் 8 லட்சம் வருகிறது.

வரிசையைப் பொறுத்தவரை, முதல் கணக்கில் எந்த வரி மேலே, எந்த வரி கீழே என்பது கூட்டுத்தொகையை மாற்றாது. இலாபத்தை மாற்றும் பதிவுகள் எல்லாம், இலாபத்தை முதல் கணக்குக்கு மாற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே முதலில் பிரீமியம், பெயிண்ட் ஆகிய திருத்தங்கள், அடுத்து வட்டி, மூன்றாவதாக, மிஞ்சும் நிகர இலாபத்தை இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்து முதல் கணக்கில் வரவு வைப்பது, கடைசியாக, எடுப்புக் கணக்கின் பற்று மீதியை முதல் கணக்கின் பற்றுப் பக்கத்துக்கு மாற்றி எடுப்புக் கணக்கை முடிப்பது. எடுப்பு இலாப நட்டக் கணக்குக்குள் எந்தக் கட்டத்திலும் நுழையக் கூடாது. இப்படி எழுதினால் உங்கள் முதல் கணக்கின் வரவுப் பக்கத்தில் தொடக்க இருப்பு 8,00,000, வங்கி 2,00,000, முதல் மீதான வட்டி 72,000, நிகர இலாபம் 3,66,000 என்று மொத்தம் 14,38,000 இருக்கும். பற்றுப் பக்கத்தில் எடுப்பு 2,69,800 போக, இருப்பு கீழிறக்கியது 11,68,200. வட்டியே எழுதாமல் முழு 4,38,000 ரூபாயை இலாபமாகக் கொண்டுவந்தாலும் இதே 11,68,200தான் வரும்.

அப்படியானால் வட்டியை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்று தனியாள் வணிகரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தேர்வில் கேள்வித்தாள் சொன்னால் எழுத வேண்டும். கடையில் உங்கள் விருப்பம். எழுதினால் ஒரு பயன் உண்டு. அந்தப் பணம் வைப்புத்தொகையாகவே வங்கியில் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உங்கள் உழைப்புக்குக் கடை கொடுத்தது 3,66,000, மாதத்துக்கு 30,500 என்பது தெரிகிறது. இதே வேலையை வேறொரு கடையில் மேலாளராகச் செய்தால் என்ன கிடைக்கும் என்று ஒப்பிட இந்த எண்தான் வேண்டும், 4,38,000 அல்ல. எந்த விகிதம் என்பது கணிப்புக்கு உட்பட்டது. வைப்புத்தொகையில் நீங்கள் பெற்றுவந்த விகிதத்தை எடுத்துக்கொள்வது நியாயமாகப் படுகிறது. எந்த விகிதமானாலும் ஆண்டுதோறும் ஒரே அடிப்படையைப் பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு இலாபங்களை ஒப்பிட முடியாது.

வருமான வரியில் மட்டும் நிலைமை வேறு, இதில் குழப்பமே வேண்டாம். உங்கள் சொந்த முதலுக்கு நீங்களே எழுதிக்கொள்ளும் வட்டி, வரிக்கான செலவாக ஏற்கப்படாது. கடன் வாங்கிய முதலுக்குக் கொடுத்த வட்டிதான் செலவு. ஒருவர் தனக்குத் தானே கடன் கொடுக்க இயலாது. கூட்டாண்மை நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர், பங்குதாரர் முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டியைச் செலவாகக் காட்டுவதாக உங்களிடம் சொல்லியிருக்கலாம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 40(பி) பிரிவு நிறுவனத்துக்குத்தான் அந்த இடத்தைக் கொடுத்தது. அங்கே நிறுவனமும் பங்குதாரரும் வரிக்குத் தனித்தனி நபர்கள். உங்கள் வரிக் கணக்கில், எழுதிய 72,000 ரூபாயைத் திரும்பச் சேர்த்து, 4,38,000 ரூபாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த 72,000 ரூபாயை வட்டி வருமானம் என்று இன்னொரு முறை காட்டவும் தேவையில்லை.

எடுப்பின் மீதும் வட்டி போடுவது உண்டு. முதலுக்கு வட்டி எழுதுபவர் இதையும் எழுதினால் கணக்கு இரு பக்கமும் நியாயமாக இருக்கும். மாதக் கடைசியில் எடுப்பதால் ஏப்ரல் எடுப்புக்குப் பதினொரு மாதம், மார்ச் எடுப்புக்குச் சூனியம், சராசரி ஐந்தரை மாதம். 2,40,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் 8,800 வருகிறது. மாதத் தொடக்கத்தில் எடுத்தால் சராசரி ஆறரை மாதமாகும். இந்த 8,800 இலாப நட்டக் கணக்கில் வரவாகவும் முதல் கணக்கில் பற்றாகவும் விழும். நிகர இலாபம் 3,74,800 ஆகும், இறுதி முதல் மாறாது. பெயிண்டுக்கும் பிரீமியத்துக்கும் அவை போன தேதியிலிருந்து தனியாகக் கணக்கிட வேண்டும்.

இனிமேல் கணக்கு இடித்தால் தொகையைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். வட்டியின் அளவே இடித்தால் பதிவு ஓரிடத்தில் மட்டும் விழுந்திருக்கிறது. அதன் இரட்டிப்பு, 1,44,000 இடித்தால், முதல் கணக்கில் கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறீர்கள். எடுப்பின் இரட்டிப்பு இடித்தால் எடுப்பைக் கழிக்காமல் கூட்டியிருக்கிறீர்கள். கையாலோ எக்செல்லிலோ எழுதும்போதுதான் இந்தப் பிழைகள் வரும். TallyPrime போன்ற மென்பொருள் ஒற்றைக்காலில் நிற்கும் பதிவை ஏற்காது. அங்கே பிழை வேறு உருவில் வரும். Drawings பேரேட்டை Capital Account குழுவின் கீழ் வைக்காமல் Indirect Expenses கீழ் வைத்துவிட்டால், எடுப்பு முழுவதும் செலவாகி இலாபத்தைத் தின்றுவிடும், ஆனால் இருப்புநிலைக் குறிப்பு சமமாகவே நிற்கும். இலாபத்தையும் அது தானாக உங்கள் முதலில் சேர்க்காது; மார்ச் 31 தேதியிட்ட Journal பதிவில் Profit & Loss A/c பற்று, முதல் கணக்கு வரவு என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் பேரேட்டைப் பார்க்காமல் எழுதும் பதில் இது என்பதால், இலாபம் 4,38,000 என்று நான் சொல்வது நீங்கள் தந்த எண்களின் மீது மட்டும் நிற்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே மின் இணைப்போ ஒரே வண்டியோ இருந்தால், அவற்றைப் பிரிக்கும் விகிதத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. மின் அளவியின் துணை அளவீடோ வண்டி ஓடிய கிலோமீட்டர் குறிப்போ இருந்தால் அதை வைத்துப் பிரியுங்கள். இல்லையென்றால் ஒரு நியாயமான பங்கை முடிவு செய்து, ஏன் அப்படி முடிவு செய்தீர்கள் என்பதைக் குறிப்பேட்டின் விளக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். அந்தப் பங்கும் எடுப்பில் சேர்ந்து, அதே அளவு இலாபத்தைக் கூட்டும். பிறகு 2025 ஏப்ரல் 1 அன்று முதல் கணக்கில் முடிவாக வந்த இருப்பைத் தொடக்கமாகக் கொண்டுவாருங்கள். எடுப்புக் கணக்கு சூனியத்தில் தொடங்கட்டும், வீட்டுக்குப் போகும் சரக்கை அன்றே எழுத அதில் ஒரு பக்கத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.